‘ஒரு ஆள் வேணும்’ என்ற மெசேஜை வேலை அறிவிப்பாக மாற்றுவது எப்படி?

சின்ன நிறுவனங்களில் ஆள் எடுப்பதற்கென்று தனியாக யாரும் இருப்பதில்லை. ஓனர் வண்டியில் காத்திருக்கும்போது, சாப்பிடும்போது, ராத்திரி தூங்கப் போகும் முன் என்று ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு மெசேஜ் தட்டிவிடுவார். மூன்று நாள் கழித்து ‘அதையெல்லாம் சேர்த்துக் கொஞ்சம் அழகா எழுதிப் போட்டுடுங்க’ என்று அந்த வேலை உங்கள் தலையில் வந்து விழும். முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த மெசேஜ்களின் எழுத்துப்பிழையைத் திருத்தி, ‘வேணும்’ என்பதை ‘தேவை’ என்று மாற்றி, மேலே தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு வைத்துப் போட்டுவிடுவார்கள். மொழி சுத்தமாகிவிடும், ஆனால் என்ன வேலை என்பது முன்பு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான் இப்போதும் புரியும்.

நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது. ஓனரின் மெசேஜில் தகுதி மாதிரி தெரிவது பாதி நேரம் பழைய மனக்குறை, புலம்பல் மாதிரி தெரிவதுதான் உண்மையான வேலை விவரம். இதைப் பிரித்தெடுக்கத் தெரிந்துவிட்டால் எழுதுவது அரை மணி நேர வேலை. கீழே ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகிறேன்.

நிறுவனம் எட்டுப் பேர் கொண்டது. அலுவலகங்களுக்கு பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் விற்று, அவற்றைப் பராமரித்தும் கொடுக்கிறது. ஓனர் மூன்று நாளில் அனுப்பியவை இவை:

> நம்ம ஆபீஸுக்கு ஒரு ஆள் வேணும், யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. நல்ல சுறுசுறுப்பான ஆளா இருக்கணும். சம்பளம் எல்லாம் நேர்ல பேசிக்கலாம்.

> போன் அடிச்சிட்டே இருக்கு, எடுக்க ஆள் இல்ல. டெக்னீஷியன் பசங்க மூணு பேரும் வெளியதான் இருக்காங்க, யார் எங்க போயிருக்காங்கன்னே தெரியல.

> பில் போடுறதும் பார்த்துக்கணும். முன்னாடி இருந்த பொண்ணு நல்லா பண்ணுச்சு, கல்யாணம் ஆகி திடீர்னு போயிடுச்சு. இந்தத் தடவ பையனா இருந்தா நல்லது.

> டிகிரி கண்டிப்பா இருக்கணும். எக்ஸ்பீரியன்ஸ் ரெண்டு மூணு வருஷம். பிரெஷரா இருந்தாலும் ஓகேதான், கத்துக்கொடுத்துக்கலாம்.

> டைம் ஒம்போதரைல இருந்து ஆறு. சில நாள் லேட் ஆகும், அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். சனிக்கிழமையும் உண்டு. பைக் இருந்தா நல்லது, செக் வாங்கிட்டு வரணும்.

> எனக்கே மெசேஜ் பண்ணட்டும், இல்ல கால் பண்ணட்டும், நேர்ல வந்தாலும் சரி. அவசரம்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

மெசேஜ்களைத் திருத்தாமல், ஒரு வார்த்தைகூட மாற்றாமல், ஒரே பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வாய்ஸ் மெசேஜ் இருந்தால் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் சுருக்க ஆரம்பித்தால் எதை விட்டோம் என்பதே தெரியாமல் போய்விடும். ‘யார் எங்க போயிருக்காங்கன்னே தெரியல’ என்ற வரியைப் புலம்பல் என்று நினைத்து வெட்டிவிடுவது ரொம்ப சுலபம். இந்த உதாரணத்தில் மொத்த வேலையின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் நான்கில் ஒரு அடையாளம் போடுங்கள்: வேலை, தகுதி, நிபந்தனை, கதை. நிபந்தனை என்றால் நேரம், நாள், சம்பளம், இடம். கதை என்றால் முன்பு நடந்தது, ஓனரின் எரிச்சல், ஆசை. அறிவிப்பில் கதை வராது, ஆனால் அதைத் தூக்கி எறியவும் கூடாது, ஏனென்றால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கிருந்துதான் வரும்.

நம் உதாரணத்தில் ‘பில் போடுறது’ வேலை, ‘ஒம்போதரைல இருந்து ஆறு’ நிபந்தனை, இது இரண்டிலும் குழப்பமில்லை. ‘போன் அடிச்சிட்டே இருக்கு’ என்பது கதை மாதிரி இருக்கும் வேலை. ‘பையனா இருந்தா நல்லது’ என்பது தகுதி மாதிரி இருக்கும் கதை. ‘சுறுசுறுப்பான’ என்பதற்கு எந்த அடையாளம் போடுவது என்றே தெரியாது. அதற்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

ஓனரிடம் கேட்க வேண்டியது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், கேட்டால் தொந்தரவாகிவிடுமோ என்ற தயக்கம். கேட்கும் விதம் சரியாக இருந்தால் தொந்தரவு இல்லை. ‘இந்தப் பதவியின் பொறுப்புகள் என்ன’ என்று கேட்டால் அவருக்கு பதில் வராது, ‘எல்லாம்தான்’ என்பார். நடந்ததைக் கேளுங்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். ‘நேற்று எத்தனை கால் வந்திருக்கும்?’ என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியும். மொத்தம் ஏழு எட்டுக் கேள்விக்கு மேல் வேண்டாம், ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள், முடிந்தால் பத்து நிமிட போன் பேச்சில்.

நான் கேட்டதும் கிடைத்ததும் இப்படி இருந்தது.

ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு? முப்பது நாற்பது வரும். அதில் முக்கால்வாசி மெஷின் ரிப்பேர் என்று சொல்கிறவர்கள், மீதி பேப்பர், டோனர் கேட்பவர்கள். டெக்னீஷியன்களை யார் அனுப்புகிறார்கள்? இப்போது ஓனரே, வெளியில் இருந்துகொண்டு போனில். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு இடம் போக வேண்டும், நேற்று ஒரே கட்டடத்துக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் போய்விட்டார்கள். பில் எத்தனை? ஆறிலிருந்து எட்டு, பில்லிங் சாஃப்ட்வேரில். வரி, கணக்குத் தாக்கல் எல்லாம் வெளியில் இருக்கும் கணக்காளர் பார்த்துக்கொள்கிறார்.

கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். இதைக் கேட்காமல் இருந்திருந்தால் ‘பில்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நான் ‘கணக்குப்பதிவியல் அறிவு தேவை’ என்று எழுதியிருப்பேன், வணிகவியல் படித்தவர்களாக வந்து குவிந்திருப்பார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு நாளெல்லாம் போன் எடுக்கும் வேலை பிடித்திருக்காது.

பைக் கதையும் இதே மாதிரிதான். செக் வாங்க எத்தனை தடவை போக வேண்டியிருக்கும்? ‘மாசத்துல ரெண்டு தடவ இருக்கும், இப்ப எல்லாரும் ஆன்லைன்லதானே போடுறாங்க.’ அந்த இரண்டு தடவை டெக்னீஷியன் வாங்கி வரலாமா? ‘வாங்கலாமே.’ அவ்வளவுதான், பைக் போய்விட்டது. மாதத்தில் இரண்டு நாள் வேலைக்காக வண்டி இல்லாத எல்லோரையும் வெளியே நிறுத்த இருந்தோம்.

‘சில நாள் லேட் ஆகும்’ என்றால் எந்த நாள், எத்தனை மணி வரை? மாதக் கடைசி மூன்று வேலை நாட்கள், ஏழரை வரை. அதற்கு ஏதாவது ஈடு உண்டா? ‘அடுத்த சனிக்கிழமை மத்தியானமே கிளம்பச் சொல்லிடுவேன்.’ பாருங்கள், நல்ல ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதை மெசேஜில் எழுதாமல், ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்’ என்ற பயமுறுத்தும் வார்த்தையை மட்டும் எழுதியிருக்கிறார்.

டிகிரி எதற்கு என்று நேரடியாகக் கேட்டால் ‘இருக்கட்டுமே’ என்றுதான் பதில் வரும். அதனால் முன்பு இருந்தவர் என்ன படித்திருந்தார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘பன்னண்டாவதுன்னு நினைக்கிறேன்.’ நன்றாக வேலை செய்தாரா? ‘சூப்பரா பண்ணுச்சு.’ அப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆண், பெண், வயசு, ‘சுறுசுறுப்பு’

‘பையனா இருந்தா நல்லது’ என்பதை அப்படியே எழுதக் கூடாது. பாலினம், மதம் போன்றவற்றை வைத்து வேலையில் பாகுபாடு கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கை 1958லேயே சொல்லிவிட்டது. பல நாடுகளின் சட்டம் வேலை விளம்பரத்தின் வார்த்தைகள் வரைக்கும் வருகிறது. வயசு, திருமணமானவரா என்பதற்கும் பல இடங்களில் இதே கதைதான், அதனால் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சட்டத்தை விடுங்கள், வேலைக்கு அது உதவுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓனருக்கு ஏன் பையன் வேண்டும்? முன்பு இருந்தவர் திடீரென்று போய்விட்டார், யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, பத்து நாள் பில்லே போடவில்லை. அதாவது அவருக்கு வலித்தது ‘திடீரென்று’ என்பதுதான். அதற்கு மருந்து முன்னறிவிப்புக் காலம். விலகுவதானால் 30 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதி, வேலைக்கான கடிதத்திலும் அதையே போடுங்கள். எந்தப் பையனும் திடீரென்று போக மாட்டான் என்று யார் சொன்னது என்று கேட்டதும் ஓனரே சிரித்துவிட்டார்.

‘சுறுசுறுப்பு’, ‘பொறுப்பான’, ‘நம்பிக்கையான’, ‘ஸ்மார்ட்டான’ எல்லாம் ஒரே வகை. யாரும் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருக்கப் போவதில்லை, ஆக இந்த வார்த்தைகள் ஒருவரைக்கூட வடிகட்டாது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சம்பவம் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். ‘சுறுசுறுப்பு இல்லாம யாராவது இருந்தாங்களா, என்ன ஆச்சு?’ என்றேன். இடையில் ஒரு மாதம் வந்த ஒருவர் கஸ்டமர் சொன்னதை எழுதி வைக்காமல் மறந்துவிடுவாராம், மூன்று தடவை அதே கஸ்டமர் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். சரி, அப்படியென்றால் வேண்டியது சுறுசுறுப்பு இல்லை, ஒவ்வொரு அழைப்பையும் உடனே பதிவு செய்யும் பழக்கம். அது வேலைப் பட்டியலில் முதல் வரி.

பதவிப் பெயர்

இதை முதலில் எழுதாதீர்கள், பதில்கள் வந்த பிறகு எழுதுங்கள். எட்டு மணி நேரத்தில் பெரும் பகுதி எதில் போகிறதோ அதுதான் பெயர். நம் ஆளுக்குப் போன், டெக்னீஷியன்களைப் பிரித்து அனுப்புவது, இரண்டும் சேர்ந்து ஐந்தரை ஆறு மணி நேரம். பில் ஒன்றரை மணி நேரம். ஆக, ‘சர்வீஸ் கோ-ஆர்டினேட்டர்’. ஓனர் மனதில் இருந்தது ‘ஆபீஸ் அசிஸ்டென்ட்’, ஆனால் அந்தப் பெயரைப் பார்ப்பவர் டைப்பிங், ஃபைல் எடுத்து வைப்பது என்று நினைத்துக்கொண்டு வருவார். ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி நிர்வாகி’ மாதிரி புதுசாக எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். வேலை தேடுபவர் தேடும் இடத்தில் என்ன வார்த்தையைத் தட்டுவாரோ அதுதான் வேண்டும். ‘அவசரம்’, ஆச்சரியக்குறிகள், ‘அரிய வாய்ப்பு’ எதுவும் தலைப்பில் வேண்டாம், மோசடி விளம்பரங்கள் அந்த வார்த்தைகளைத் தேய்த்துத் தேய்த்து அவற்றைப் பார்த்தாலே ஆட்கள் விலகிப்போகும்படி செய்துவிட்டன.

வேலைகளை எழுதும் விதம்

ஒவ்வொரு வரியிலும் என்ன செய்ய வேண்டும், எதை, ஏறக்குறைய எவ்வளவு என்ற மூன்றும் இருக்கட்டும். ‘வாடிக்கையாளர் தொடர்பு’ என்பது வெறும் தலைப்பு, அதில் யாரும் எதையும் செய்யவில்லை. ‘நாளுக்கு 30 முதல் 40 அழைப்புகளை எடுத்து, மெஷினின் பெயர், கோளாறு, முகவரி மூன்றையும் உடனே பதிவு செய்வது’ என்று எழுதினால் படிப்பவர் தன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க முடியும். நாற்பது கால் என்றதும் சிலர் விலகிவிடுவார்கள். விலகட்டும், மூன்றாவது வாரம் விலகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அதிக நேரம் பிடிப்பது மேலே, குறைவானது கீழே. ஐந்து ஆறு வரி போதும், எட்டைத் தாண்டினால் ஒன்று, சின்ன வேலைகளையெல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள், இல்லையென்றால் இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். இரண்டாவது என்றால் அறிவிப்பை நிறுத்திவிட்டு ஓனரிடம் பேச வேண்டிய விஷயம்.

கடைசியில் ‘சொல்லப்படும் இதர பணிகள்’ என்று ஒரு வரி போடச் சொல்வார்கள். சின்ன நிறுவனத்தில் அது தவிர்க்க முடியாதது, யாராவது வராத நாளில் எல்லோரும் எல்லாம் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் எந்தப் பணி என்று ஒரு எடுத்துக்காட்டாவது சொல்லிவிடுங்கள். ‘டோனர், உதிரிபாகம் இருப்பு குறையும்போது சப்ளையருக்கு ஆர்டர் அனுப்புவது’ என்றால் ஓகே, வெறும் ‘இதர’ என்றால் அது வெற்றுக் காசோலை மாதிரி.

தகுதி: ஒரே ஒரு சோதனை

ஒவ்வொரு தகுதியையும் எடுத்துக்கொண்டு ஓனரிடம் இதைக் கேளுங்கள்: ‘மத்த எல்லாத்துலயும் நல்லா இருக்கற ஒருத்தர்கிட்ட இது மட்டும் இல்லைன்னா, திருப்பி அனுப்பிடுவீங்களா?’ ஆம் என்றால் அது கட்டாயத் தகுதி. ‘இல்ல, கூப்பிட்டுப் பார்ப்பேன்’ என்றால் ‘இருந்தால் நல்லது’ பட்டியலுக்குப் போகட்டும். ‘ம்ம்… ஒண்ணும் பிரச்சினை இல்லை’ என்றால் எடுத்துவிடுங்கள்.

‘ரெண்டு மூணு வருஷம், பிரெஷரும் ஓகே’ என்ற வரி இருக்கிறதே, இதை அப்படியே விட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். அனுபவசாலி இதைப் படித்துவிட்டு ‘சம்பளம் பிரெஷர் அளவுக்குத்தான் இருக்கும்’ என்று நினைப்பார். புதியவர் ‘அனுபவம்தான் கேட்கிறார்கள்’ என்று விட்டுவிடுவார். இதைத் தீர்க்க இரண்டு கேள்வி போதும். மனதில் இருக்கும் சம்பளம் யாருக்கானது? சொல்லிக்கொடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? இங்கே சம்பளம் புதியவருக்கானது, ஓனர் ஒரு வாரம் ஆபீஸில் உட்கார்ந்து சாஃப்ட்வேரைச் சொல்லித்தர ஒப்புக்கொண்டார். ஆகவே ‘முன் அனுபவம் கட்டாயமில்லை, ஒரு வாரப் பயிற்சி தரப்படும்’. சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாத இடத்தில் ‘பிரெஷர் ஓகே’ என்று எழுதவே எழுதாதீர்கள்.

சம்பளம்

சம்பளத்தை எழுத ஓனர்களுக்கு விருப்பம் இருக்காது. போட்டிக் கம்பெனி பார்த்துவிடும் என்பார்கள், உண்மையான காரணம் பெரும்பாலும் ஏற்கெனவே வேலை செய்கிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதுதான். என் கருத்து, எழுதிவிடுவது நல்லது, ஒற்றை எண்ணாக இல்லாமல் ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்று. இடைவெளி ரொம்ப அகலமாக இருக்கக் கூடாது, மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்கு என்றால் அதில் தகவலே இல்லை, எல்லோரும் மேல் எண்ணை மட்டும்தான் படிப்பார்கள். பிடித்தங்களுக்கு முன்னாலா பின்னாலா என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர் கடைசி வரை மறுத்தால், முதல் போன் பேச்சிலேயே சொல்லப்படும் என்றாவது எழுதுங்கள். நாலு தடவை அலைந்து, கடைசியில் எண்ணைக் கேட்டு எழுந்து போவது இரண்டு பக்கத்துக்கும் வீண்.

எப்படி விண்ணப்பிப்பது

ஓனர் மூன்று வழி சொன்னார்: மெசேஜ், போன், நேரில். யோசித்துப் பாருங்கள், போன் எடுக்க ஆள் இல்லை என்பதற்காகத்தான் ஆளே எடுக்கிறோம். அதே நம்பரை விளம்பரத்தில் போட்டால் ரிப்பேருக்குக் கூப்பிடும் கஸ்டமருக்கு லைன் கிடைக்காது. ஒரே வழி மட்டும் கொடுங்கள். இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று, அது சிரமம் என்றால் வேலைக்குப் பயன்படாத ஒரு வாட்ஸ்அப் எண், ‘அழைப்பு வேண்டாம், மெசேஜ் மட்டும்’ என்ற குறிப்போடு. இரண்டு மூன்று வழி கொடுத்தால் ஒரே ஆள் மூன்றிலும் வருவார், யாருக்குப் பதில் சொன்னோம் என்பது ஒரு வாரத்தில் குழம்பிவிடும்.

எதை அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பயோடேட்டா, கூடவே ஒரு சின்னக் கேள்விக்கு நாலைந்து வரியில் பதில். கேள்வி வேலையிலிருந்தே வரட்டும்: ‘ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் அவசரம் என்கிறார்கள், ஒரே டெக்னீஷியன்தான் இருக்கிறார். நீங்கள் இருவரிடமும் என்ன கேட்பீர்கள்?’ இதற்குச் சரியான பதில் என்று ஒன்று இல்லை. மெஷின் முழுதாக நின்றுவிட்டதா, வேறு மெஷின் இருக்கிறதா, எவ்வளவு தூரம் என்று கேட்கத் தோன்றுகிறவர் யார் என்பது அந்த நாலு வரியில் தெரிந்துவிடும். அறிவிப்பைப் படிக்காமலேயே எல்லா இடத்துக்கும் பயோடேட்டா அனுப்புகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தொடவே மாட்டார்கள், அதுவும் ஒரு வடிகட்டிதான்.

அடையாள அட்டை நகல், சான்றிதழ் நகல், போட்டோ எதுவும் இந்தக் கட்டத்தில் கேட்காதீர்கள். எடுக்கப்போகும் ஒருவரிடம் கடைசியில் வாங்கினால் போதும், நாற்பது பேரின் ஆவணத்தை வைத்துக்கொண்டு பாதுகாக்கும் பொறுப்பு உங்களுக்கு எதற்கு? கடைசித் தேதியும், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் இரண்டு வரியில் இருக்கட்டும்.

எல்லாம் சேர்ந்து வந்தது இதுதான்

> சர்வீஸ் கோ-ஆர்டினேட்டர் (முழுநேரம், 1 இடம்)
>
> அலுவலகங்களுக்கு பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் விற்றுப் பராமரிக்கும் எட்டுப் பேர் கொண்ட நிறுவனம் நாங்கள். வரும் சர்வீஸ் அழைப்புகளைப் பதிவு செய்து, எங்கள் மூன்று டெக்னீஷியன்களை ஒருங்கிணைக்க ஒருவர் தேவை. நேரடியாக உரிமையாளரின் கீழ் வேலை.
>
> வேலைகள்
> – நாளுக்கு 30 முதல் 40 அழைப்புகளை எடுத்து, மெஷின், கோளாறு, முகவரி ஆகியவற்றை உடனே பதிவு செய்தல்
> – 10 முதல் 12 சர்வீஸ் இடங்களை மூன்று டெக்னீஷியன்களுக்கும் பிரித்துக் கொடுத்து, எது முடிந்தது, எது நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுதல்
> – தாமதமானால் வாடிக்கையாளரை நாமே கூப்பிட்டுச் சொல்லுதல்
> – பில்லிங் சாஃப்ட்வேரில் நாளுக்கு 6 முதல் 8 பில் போடுதல் (வரிக் கணக்கு இதில் சேராது)
> – டோனர், உதிரிபாகம் இருப்பு குறையும்போது சப்ளையருக்கு ஆர்டர் அனுப்புதல்
>
> கட்டாயம் தேவை
> – போனில் தமிழில் தெளிவாகப் பேசுதல், கேட்டதைப் பிழையில்லாமல் எழுதி வைத்தல்
> – கணினியில் படிவம் நிரப்பவும் எக்செல் பட்டியலைக் கையாளவும் தெரிந்திருத்தல்
> – 12ஆம் வகுப்பு
>
> இருந்தால் நல்லது
> – சர்வீஸ் அல்லது டெலிவரி அலுவலகத்தில் ஒரு வருட அனுபவம். கட்டாயமில்லை, ஒரு வாரப் பயிற்சி தருகிறோம்.
>
> நேரம்: திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 – மாலை 6. மாதக் கடைசி 3 வேலை நாட்கள் இரவு 7.30 வரை. அதற்கு ஈடாக அடுத்த சனிக்கிழமை அரை நாள்.
> சம்பளம்: மாதம் ____ முதல் ____ வரை, பிடித்தங்களுக்கு முன்
> இடம்: ____ அலுவலகத்தில். வெளி வேலை இல்லை.
> முன்னறிவிப்பு: விலகுவதானால் 30 நாள், இரு தரப்புக்கும்
>
> விண்ணப்பிக்க: பயோடேட்டாவையும் கீழ்க்கண்ட கேள்விக்கு நாலைந்து வரியில் பதிலையும் ____ என்ற மின்னஞ்சலுக்கு, ‘சர்வீஸ் கோ-ஆர்டினேட்டர்’ என்ற தலைப்பில் 15ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். ‘இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் அவசரம் என்கிறார்கள், ஒரே டெக்னீஷியன்தான் இருக்கிறார். இருவரிடமும் என்ன கேட்பீர்கள்?’ தேர்வானவர்களை 20ஆம் தேதிக்குள் போனில் அழைப்போம், பிறகு ஒரே ஒரு நேர்காணல், அலுவலகத்தில். எந்தக் கட்டத்திலும் பணம் கேட்க மாட்டோம்.

‘தமிழில்’ என்று போட்டது ஓனரின் வாடிக்கையாளர்கள் தமிழில் கூப்பிடுவதால். உங்கள் இடத்தில் வேறு மொழி வேண்டும் என்றால் அதைப் போடுங்கள், ஆனால் பேச வேண்டுமா, எழுதவும் வேண்டுமா என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘ஆங்கில அறிவு’ என்று மொட்டையாக எழுதினால் இரண்டில் எது என்று யாருக்கும் புரியாது.

போடும் முன்பும் பிறகும்

நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஒரு நிமிடம் படிக்கக் கொடுத்து, காகிதத்தை வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள்: நாளெல்லாம் என்ன செய்யணும், யாரால இதுக்கு விண்ணப்பிக்க முடியாது, எங்க எப்போ அனுப்பணும். எதில் தடுமாறுகிறாரோ அந்தப் பகுதி இன்னும் சரியாகவில்லை. ஓனருக்கும் அனுப்பி ‘ஓகே’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பாக சனிக்கிழமை அரை நாள் வரிக்கு. பேச்சில் சொன்னதை எழுத்தில் பார்க்கும்போது சிலருக்கு மனசு மாறும், விளம்பரம் போன பிறகு மாறினால் அது உங்கள் தலையில்தான் விடியும்.

வாட்ஸ்அப் குழுக்களில் ஃபார்வர்டு செய்ய ஒரு குட்டி வடிவமும் வைத்துக்கொள்ளுங்கள். பதவிப் பெயர், ஒரு வரியில் வேலை, நேரம், சம்பளம், இடம், கடைசித் தேதி, அனுப்ப வேண்டிய முகவரி, ஏழு வரிதான். கடைசித் தேதியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் ஃபார்வர்டு ஆன மெசேஜை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

வர ஆரம்பித்த பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். ஒரே சந்தேகத்தை மூன்று பேர் கேட்டால் அறிவிப்பில் ஒரு வரி குறைகிறது, பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் அறிவிப்பையே திருத்துங்கள். நிறையப் பேர் வந்து எல்லோரும் வேறு மாதிரி ஆட்களாக இருந்தால் பதவிப் பெயரில்தான் கோளாறு. ஆட்களே வரவில்லை என்றால் பெரும்பாலும் எழுத்தின் மேல் குற்றமில்லை, சம்பளமோ ஆறு நாள் வேலையோ இடிக்கிறது, அதை ஓனரிடம்தான் பேச வேண்டும். அப்போது அவர் ‘இன்னும் கொஞ்சம் கவர்ச்சியா எழுதுங்களேன்’ என்பார். எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்கு அனுபவம், இரண்டு மடங்கு ஆள் வந்து, நேரத்தைக் கேட்டதும் அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

ஆள் கிடைத்ததும் போட்ட இடங்களிலெல்லாம் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று போடுங்கள், கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பியவர்களுக்கு மட்டுமாவது ஒரு வரி பதில் அனுப்பிவிடுங்கள். நான் ஆரம்பத்தில் எழுதிய ஓர் அறிவிப்பில் தேதியும் இல்லை, மூடவும் இல்லை. ஆள் சேர்ந்து நாலு மாதம் ஆன பிறகும் அந்த வேலைக்குப் போன் வந்துகொண்டிருந்தது, அதை எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அந்த வேலையில் சேர்ந்தவரேதான்.